பேச்சு வீடியோவில் வெட்டுத் தெரியாமல் இருக்க: பூம்பாறை அடுப்படியில் எடுத்த பி-ரோல்

கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் ஒரு அம்மா, மலைப்பூண்டை எப்படிப் பக்குவம் செய்து வைப்பார்கள் என்று 11 நிமிடம் பேசினார். எனக்கு வேண்டியது 4 நிமிட வீடியோ. இருமல், இரண்டாம் முறை சொன்னது, நடுவில் மருமகன் லாரி வாங்கிய கதை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டிப் பார்த்தேன். பேச்சு அழகாகச் சேர்ந்துவிட்டது. படம் சேரவில்லை. ஒவ்வொரு வெட்டிலும் அவர் தலை ஒரு பக்கமாகத் துள்ளியது. தோளில் கிடந்த முந்தானை கண் இமைப்பதற்குள் மடியில் இருந்தது. மொத்தம் 14 வெட்டு, 14 துள்ளல்.

இதுதான் ஜம்ப் கட். கேமரா அதே இடம், ஃப்ரேம் அதே அளவு, ஆள் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறார். கோணம் முழுதாக மாறினால் கண் அதைப் புதுப் படமாக எடுத்துக்கொள்ளும். கொஞ்சமாக மாறும்போதுதான் தடுமாறுகிறது. அந்த இடத்தில் அவர் முகத்துக்குப் பதிலாக வேறொரு படம் ஓடி, குரல் மட்டும் தொடர்ந்தால் துள்ளல் கண்ணில் படாது. அப்படி நடுவில் வந்து போகும் படத்தைக் கட்அவே என்றும், இதற்காக எடுத்து வைக்கும் காட்சிகளை மொத்தமாக பி-ரோல் என்றும் சொல்கிறோம்.

புதிதாக எடிட் செய்கிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள், நானும் ஆரம்பத்தில் செய்தேன். வெட்டு எங்கே இருக்கிறதோ அதன் மேலேயே ஒன்றரை நொடிப் படத்தை ஒட்டிவிடுவது. ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் ஒட்டுப் போட்ட மாதிரி முகம், பூண்டு, முகம், மலை, முகம், அடுப்பு என்று படம் மாறி மாறி வரும். வெட்டு மறைந்துவிடும், ஆனால் ஏதோ மறைக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். வெட்டு விழும் இடம் வேறு, படம் மாற வேண்டிய இடம் வேறு. பேச்சில் படம் கேட்கிற இடத்தில் படத்தை மாற்ற வேண்டும். வெட்டு அதற்கு அடியில் எங்கேயாவது கிடந்துவிட்டுப் போகட்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

முதலில் காதுக்கு வெட்டுங்கள்

பி-ரோலைத் தொடுவதற்கு முன் பேச்சை மட்டும் வெட்டி முடித்துவிடுங்கள். திரையைப் பார்க்காமல், ஹெட்ஃபோன் மாட்டிக் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு வெட்டு காதில் உறுத்தினால் எந்தப் படத்தைப் போட்டாலும் அது சரியாகாது. கட்அவே படத்தை மறைக்கும், ஒலியை மறைக்காது.

உறுத்தல் பெரும்பாலும் மூச்சில் வரும். ஒரு வாக்கியம் முடிந்து மூச்சை இழுக்கும்போது வெட்டி, அடுத்த வாக்கியத்தையும் மூச்சோடு தொடங்கினால் இரண்டு மூச்சு அடுத்தடுத்துக் கேட்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். மூச்சே இல்லாமல் ஒட்டினாலும் சரியாக வராது, மனிதர் பேசுவது போலவே இருக்காது. இரண்டு துண்டுக்கும் நடுவில் மௌனம் தேவைப்பட்டால் வெறும் மௌனத்தை வைக்கக் கூடாது. அந்த இடத்தின் ஒலியை வைக்க வேண்டும். அதற்காகவே பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், மைக்கை அதே இடத்தில் வைத்து, 30 நொடி சும்மா பதிவு செய்துகொள்ளுங்கள். பூம்பாறை அடுப்படியில் அந்த 30 நொடியில் இருந்தது விறகு வெடிக்கும் சத்தமும் ஓட்டின் மேல் காற்றும்தான். எடிட்டில் ஆறு இடத்தில் அது கைகொடுத்தது.

படம் கேட்கும் சொல்லைக் கண்டுபிடியுங்கள்

வெட்டிய பேச்சைத் தாளில் எழுதுங்கள். வெட்டு விழுந்த இடத்தில் இரண்டு கோடு போடுங்கள். பிறகு கையால் செய்கிற வேலை, கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் இவற்றைச் சொல்லும் சொற்களை வட்டமிடுங்கள். கட்டுவது, தொங்கவிடுவது, தோல், புகை. "அந்தக் காலத்துல நல்லா இருந்துச்சு" என்பதில் வட்டமிட ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் வெறும் மேகம் ஓடும் மலையைப் போடலாம் என்று கை பரபரக்கும். அந்த இடத்தில் முகத்தையே விடுங்கள்.

நான் எழுதிய தாளில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

"பூண்டைப் பறிச்ச உடனே மூட்டை கட்டக் கூடாது தம்பி. || தாளோட நாலஞ்சு நாள் காய விடணும். || அப்புறம் கட்டுக் கட்டாக் கட்டி அடுப்புக்கு மேல தொங்க விடுவோம். புகை படப்பட || தோலு பழுப்பாப் போகும், உள்ள பல்லு அப்படியே இருக்கும்."

தாள் என்று அவர் சொல்வது பூண்டின் தண்டை. ஏறக்குறைய 18 நொடிப் பேச்சு, அதில் மூன்று வெட்டு. முதல் வெட்டில் போனது லாரிக் கதை. இரண்டாவதில் இருமல். மூன்றாவதில் "புகை படப்பட" என்று இரண்டு தடவை சொன்னதில் ஒன்று.

எடுக்கும்போது

மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் படிதான் எல்லாவற்றையும் விட முக்கியம். முதல் தடவை நான் பேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்குத் திரும்பிவிட்டேன். வெட்டிப் பார்த்துவிட்டு, என்ன படம் வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு மறுநாள் மேலே போனால் ஊரே மூடுபனிக்குள் இருந்தது. பேட்டி எடுத்த நாள் நல்ல வெயில், சன்னல் வழியாக ஒளி அவர் முகத்தில் விழுந்திருந்தது. இன்று வாசலில் எடுத்தால் எல்லாம் வெள்ளை. அதை விட, அடுப்புக்கு மேலே தொங்கிய கட்டுகளில் பாதியை அன்று காலையே வியாபாரிக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது பேட்டி நடக்கும்போதே மடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அவர் ஒரு பொருளையோ வேலையையோ சொன்னால் அந்தச் சொல்லை எழுதிக்கொள்வேன். பேட்டி முடிந்ததும் அங்கேயே, அதே வெளிச்சத்தில், எழுதியதை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன்.

ஒரு வேலைக்கு ஒரு படம் போதாது. கட்டுக் கட்டுவது என்றால் கை மட்டும் தெரியும்படி மிக அருகில் ஒன்று, வேலையில் கவனமாக இருக்கும் முகம் ஒன்று, ஆளும் பூண்டும் சுவரும் சேர்ந்து தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. இந்த மூன்றும் இருந்தால்தான் டைம்லைனில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைக்க முடியும். இரண்டும் நடுத்தர தூரத்தில் இருந்தால் பி-ரோலுக்குள்ளேயே ஒரு ஜம்ப் கட் வந்துவிடும்.

ஒவ்வொன்றையும் மனதுக்குள் பத்து வரை எண்ணி எடுங்கள். வீடியோவில் மூன்று நொடிதான் வரும், ஆனால் எந்த மூன்று நொடி என்று அப்போது தெரியாது. கேமராவை ஆட்டாதீர்கள், ஆடுகிற வேலையைக் கை செய்யட்டும். கை ஃப்ரேமுக்குள் வருவதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, கை வெளியே போன பிறகு நிறுத்துங்கள். வேலை தொடங்குவதும் முடிவதும் உள்ளே இருந்தால் வெட்டுவதற்கு நல்ல முனை கிடைக்கும்.

வேலை செய்துகொண்டே அவர் பேசிவிடுவார். பேசும் வாய் தெரிகிற படம் பி-ரோலுக்கு ஆகாது. மேலே ஓடும் குரலுக்கும் அந்த வாய்க்கும் பொருந்தாது, பார்ப்பவருக்கு டப்பிங் போலத் தோன்றும். "அம்மா, ஒரு நிமிஷம் பேசாம கட்டுங்க, உங்க கையைத்தான் எடுக்கிறேன்" என்று சொன்னேன். "கையில என்னப்பா இருக்கு, வெறும் காப்புதான்" என்று சிரித்துவிட்டுக் கட்டினார். தவிர்க்கவே முடியாவிட்டால் பின்னால் நின்று முதுகுப் பக்கமாக எடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற பேத்தியின் முகமும் நல்ல கட்அவேதான். கேட்பவர் வாய் அசையாது, எந்த இடத்திலும் பொருந்தும்.

மலை அடுப்படிக்கென்று இரண்டு சிக்கல் உண்டு. வெளியே குளிரில் இருந்த ஃபோனை அடுப்படிக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். திரையில் சரியாகத்தான் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் பாலாடை போட்டது போல இருக்கும். உள்ளே போனதும் பத்து பதினைந்து நிமிடம் ஃபோனைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுப் பிறகு எடுங்கள், லென்ஸை ஒருமுறை துணியால் துடையுங்கள். அடுத்தது புகை. நேர் வெளிச்சத்தில் புகை தெரியாது. பின்னால் கரி பிடித்த இருட்டுச் சுவர் இருக்க வேண்டும், ஒளி பக்கவாட்டிலிருந்தோ புகைக்குப் பின்னாலிருந்தோ வர வேண்டும். சன்னல் எதிரே வருகிற மாதிரி நான் ஒரு பக்கமாக நகர்ந்ததும், அதுவரை திரையில் தெரியாத புகை கட்டுகளைச் சுற்றி நூல் நூலாகத் தெரிந்தது.

செட்டிங்கில் இரண்டு விஷயம் போதும். ஐஃபோனில் திரையை விரலால் அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும், வெளிச்ச அளவும் ஃபோகஸும் மாறாமல் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாவிட்டால் தீ கொஞ்சம் எரிந்ததும் படம் இருண்டு, அணைந்ததும் வெளுத்து, ஒரே ஷாட்டில் நாலு தடவை மாறும். மற்றது ஃப்ரேம் ரேட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25 ஃப்ரேமில் எடுத்தால் டியூப்லைட்டும் எல்இடியும் படத்தில் துடிப்பது குறையும். பேட்டியும் பி-ரோலும் ஒரே ஃப்ரேம் ரேட்டில் இருக்கட்டும்.

டைம்லைனில் வைப்பது

பேச்சு கீழே முதல் டிராக்கில் இருக்கட்டும். பி-ரோல் அதற்கு மேல் டிராக்கில். பெரும்பாலான ஆப்களில் மேலே இருப்பதன் படம்தான் கண்ணுக்குத் தெரியும், ஒலி இரண்டிலிருந்தும் கேட்கும்.

அந்த 18 நொடியை எடுத்துக்கொள்வோம். முதல் வெட்டு நான்காவது நொடியில், "தம்பி" என்ற சொல்லுக்குப் பிறகு. முதலில் நான் மூட்டையின் படத்தைத்தான் வைத்தேன், மூட்டை என்று சொல்கிறாரே என்று. ஓட்டிப் பார்த்ததும் தப்பு தெரிந்தது. அவர் மூட்டை கட்டக் கூடாது என்கிறார், படமோ மூட்டையைக் காட்டுகிறது. பாதிக் கவனத்தில் பார்ப்பவர் மனதில் மூட்டைதான் நிற்கும். "கூடாது" என்று வருகிற இடத்தில் செய்யக் கூடாததைக் காட்டாமல் இருப்பது நல்லது. அந்த வாக்கியத்தில் "கூடாது" வரை முகத்திலேயே விட்டேன். "கூடாது" என்னும்போது அவர் விரலை ஆட்டுவது எந்தப் பூண்டுப் படத்தையும் விட நன்றாக இருக்கிறது.

மூன்றரையாவது நொடியில், அதாவது வெட்டுக்கு அரை நொடி முன்னால், முற்றத்தில் தாளோடு பரப்பிய பூண்டு வருகிறது. தள்ளி நின்று எடுத்தது. நான்காவது நொடியில் குரல் "தாளோட" என்று தொடங்கும்போது கண் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஏழாவது நொடியில் இரண்டாம் வெட்டு அடியிலேயே கடந்துபோகிறது. ஏழரையில் "கட்டுக் கட்டா" என்பதற்குக் கை, மிக அருகில். பத்தில் அடுப்புக்கு மேல் தொங்கும் கட்டுகள், புகையோடு. பதின்மூன்றில், மூன்றாம் வெட்டுக்குச் சற்று முன்னால், பழுப்பான தோல், நகக்கண் தெரியும் அளவுக்கு நெருக்கமாக. பதினாறில் "உள்ள பல்லு அப்படியே இருக்கும்" என்று முகத்துக்குத் திரும்புகிறது.

மூன்று வெட்டுக்கு மூன்று ஒட்டு இல்லை. பன்னிரண்டரை நொடி தொடர்ச்சியாக நான்கு படங்கள், முற்றத்திலிருந்து அடுப்புக்கு மேல் வரை பூண்டு போகும் வழியையே காட்டுகின்றன. திரும்பி முகத்துக்கு வரும்போது அவர் வேறு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், முந்தானை இடம் மாறியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு நொடியில் ஒருவர் அசைவது இயல்புதானே.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு ஒன்றுதான்: கட்அவே வெட்டுக்கு முன்னால் அரை நொடியாவது தொடங்கட்டும், வெட்டுக்குப் பின்னால் ஒரு நொடியாவது ஓடட்டும். வெட்டு இருக்கும் அதே ஃப்ரேமில் படத்தையும் மாற்றினால், குரலில் இருக்கும் சின்ன மாற்றமும் படத்தின் மாற்றமும் ஒரே நேரத்தில் விழுந்து வெட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பி-ரோலின் சொந்த ஒலியை முழுதாக அணைத்துவிடாதீர்கள். தீ வெடிக்கிற சத்தத்தைக் குரலுக்கு அடியில் மிகத் தணிவாக வைத்து, அந்தப் படம் வருவதற்கு அரை நொடி முன்னாலேயே தொடங்கினேன். காது முதலில் அடுப்படிக்குப் போகிறது, கண் பின்னால் போகிறது. குரலில் ஒரு சொல்லாவது தெளிவு குறைந்தால் சத்தத்தை இன்னும் குறையுங்கள்.

பி-ரோல் இல்லாத வெட்டுகள்

14 வெட்டில் 10 இப்படி மறைந்தன. மூன்று இடத்தில் காட்ட ஒரு படமும் இல்லை. அங்கே வெட்டுக்குப் பின் வரும் துண்டைப் பெரிதாக்கினேன். 4கே-யில் எடுத்து 1080-ல் வெளியிடுவதால் இருமடங்கு வரை பெரிதாக்கினாலும் படம் உடையாது. பத்து சதவீதம் பெரிதாக்கினால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். அது கை தவறிய மாதிரிதான் தெரியும். முப்பது, நாற்பது சதவீதம் பெரிதாக்குங்கள், கண் இருக்கும் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். அப்போது இரண்டாவது கேமரா இருந்தது போலத் தோன்றும்.

மீதி ஒன்றில் வெட்டையே எடுத்துவிட்டேன். தன் மாமியார் இதே அடுப்பில் கட்டுத் தொங்கவிட்டதைச் சொல்லிவிட்டு அவர் மூன்று நொடி மேலே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த மௌனத்தை வெட்டி, மேலே பூண்டுப் படம் வைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்தால் வீடியோவில் உயிருள்ள இடமே அதுதான், அதைப் போய் மூடியிருக்கிறேன். திரும்ப வைத்துவிட்டேன். பேசுபவர் குரல் தழுதழுக்கும்போதும், யோசிக்க நிறுத்தும்போதும் கட்அவே வேண்டாம்.

மறைக்கக் கூடாத வெட்டு

கட்அவே எதையும் மறைக்கும், பொய்யையும் சேர்த்து. அந்தப் பேட்டியிலேயே அம்மா "நாங்க மருந்து அடிக்கிறதில்ல" என்றார். இருபது நொடி கழித்து, "பூச்சி ரொம்ப வந்தா ஒரு தடவை அடிப்போம்" என்றார். முதல் வாக்கியத்தை வைத்து, இரண்டாவதை வெட்டி, மேலே பச்சைப் பசேல் என்று படிக்கட்டு வயலைப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. அது அவர் சொல்லாத பேச்சு. சொன்னதன் பொருள் மாறுகிற வெட்டு என்றால் அந்த வெட்டே கூடாது. இரண்டு வாக்கியமும் இருக்கட்டும், இல்லை இரண்டும் போகட்டும்.

படத்துக்கும் இதே கணக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. மலைப்பூண்டு என்ற பெயரில் வேறு ஊர்ப் பூண்டும் கடைகளில் விற்கிறது. நல்ல க்ளோசப் கிடைக்கிறது என்று கடையில் இருந்த ஏதோ ஒரு பூண்டை எடுத்து அவர் குரலுக்கு மேலே வைத்தால், "இதுதான் எங்கள் பூண்டு" என்று அவர் சொன்னதாகிவிடும். வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்.

அனுப்பும் முன் மூன்று தடவை ஓட்டுங்கள்

ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு. எங்கே படம் சும்மா மாறுகிறது, எங்கே ஒரே முகம் அலுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். முகம், படம், முகம், படம் என்று ஒரே தாளத்தில் போனால் எங்காவது இரண்டு கட்அவேயைச் சேர்த்து ஒரு தொடராக்குங்கள், ஒரு இடத்தில் முகத்தை நீளமாக விடுங்கள்.

ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, முதலில் செய்தது போலவே.

கடைசியாகப் பெரிய திரையில், டைம்லைனை நன்றாகப் பெரிதாக்கி, பி-ரோல் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் ஓரங்களை மட்டும். இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஃப்ரேம் இடைவெளி இருந்தாலும் கீழே இருக்கும் முகம் பளிச்சென்று வந்து போகும். 25 ஃப்ரேமில் அது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஃபோனில் எடிட் செய்யும்போது கண்ணுக்குச் சிக்காது, டிவியில் போட்டால் எல்லோரும் "என்ன அது?" என்பார்கள். பூம்பாறை வீடியோவில் கைக்கும் புகைக்கும் நடுவில் அப்படி ஒன்று இருந்தது. துண்டின் ஓரத்தை ஒரு ஃப்ரேம் இழுத்து ஒட்டியதும் போய்விட்டது.